40,000 பில்லில் 25,000 கட்டினேன், 2,183 வட்டி போட்டிருக்கிறார்கள். எப்படி?

மன்னை விவசாயி

வணக்கம். கிரெடிட் கார்டு பில் படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இதைக் கொஞ்சம் விளக்குங்கள்.

போன மாதம் பில் 40,000 வந்தது. மினிமம் டியூ 2,000 என்று போட்டிருந்தார்கள். நெல் போட்ட பணம் முழுதாகக் கைக்கு வராததால் 25,000 மட்டும் கட்டினேன், அதுவும் கெடு தேதிக்கு 2 நாள் முன்பாகவே. மீதி 15,000. கார்டு வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம். 15,000க்கு 525 ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்த மாதப் பில்லில் பைனான்ஸ் சார்ஜ் 2,183 என்று இருக்கிறது. அதற்கு மேல் ஜிஎஸ்டி 393.

இன்னொன்றும் புரியவில்லை. போன மாதம் 40,000க்கு மினிமம் 2,000. இந்த மாதம் மொத்தப் பில்லே 24,576தான், ஆனால் மினிமம் 3,676. பில் குறைந்தால் மினிமமும் குறைய வேண்டாமா? வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டால் "சிஸ்டம் கணக்கிட்டது சார்" என்கிறார்கள்.

நீடா ராஜா

அண்ணே, இது அவர்கள் தப்பு. மினிமம் டியூவுக்கு மேல் கட்டிவிட்டால் அந்த மாதத்துக்கு வட்டியே வராது. நான் 4 வருடமாகக் கார்டு வைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட லேட் ஃபீ வந்ததில்லை, சிபில் மதிப்பெண்ணும் நன்றாகவே இருக்கிறது. அப்படியே வட்டி போட்டாலும் வருடத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தீர்ப்பு இருக்கிறது. புகார் கொடுங்கள்.

ஐயாறு பழைய கணக்கர்

ராஜா தம்பி சொல்வதில் பாதி சரி. மினிமம் கட்டினால் லேட் ஃபீ வராது, சிபிலில் கெடு தவறியதாகப் பதிவாகாது. அவ்வளவுதான் அதன் பயன். வட்டிக்கும் மினிமத்துக்கும் சம்பந்தம் கிடையாது. மொத்தத் தொகையில் ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் வட்டியில்லாக் காலம் போய்விடும்.

30 சதவீதத் தீர்ப்பு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கொடுத்தது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதை நம்பிப் புகார் எழுத வேண்டாம்.

மன்னை தம்பி, பில் தேதி, கெடு தேதி, ஒவ்வொரு செலவின் தேதி, பணம் கட்டிய தேதி, இவ்வளவையும் எழுதுங்கள். 2,183 எங்கிருந்து வந்தது என்று போட்டுப் பார்க்கலாம். நான் 30 வருடம் வங்கிக் கிளையில் லெட்ஜர் எழுதியவன், இதில் எனக்கு அலுப்பே வராது.

பாபநாசம் பெரியவர்

குறுவைக்குக் கார்டில் கடன் வாங்குவதே எனக்குப் புரியவில்லை. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. சிட்டா, அடங்கல் இருந்தால் போதுமே. எங்கள் சங்கத்தில் இந்த வருடம் உரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

மன்னை விவசாயி

ஐயா, பயிர்க்கடன் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. இது மோட்டார் எரிந்துபோனதால் திடீரென்று வந்த செலவு. மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை போர் தண்ணீரில்தான் நாற்றங்கால் நிற்கிறது.

கணக்கர் சார், விவரம் இதோ. பில் தேதி ஒவ்வொரு மாதமும் 15. கெடு தேதி அடுத்த மாதம் 4 அல்லது 5. மே 20 அன்று சப்மெர்சிபிள் மோட்டார் 30,000. ஜூன் 8 அன்று பள்ளிக் கட்டணம் 10,000. இந்த இரண்டும்தான் ஜூன் 15 பில்லில் இருந்த 40,000. ஜூலை 3 அன்று 25,000 கட்டினேன். அதற்கு நடுவில் ஜூன் 25 அன்று உரக்கடையில் 6,000, ஜூலை 10 அன்று பெட்ரோல் 1,000. மே மாதம் வரை பாக்கி எதுவும் கிடையாது, எப்போதும் முழுதாகவே கட்டுவேன்.

ஐயாறு பழைய கணக்கர்

நல்லது, இது போதும்.

நீங்கள் மீதித் தொகையை 3.5 சதவீதத்தால் பெருக்கிவிட்டீர்கள். கார்டு நிறுவனம் அப்படிப் போடுவதில்லை. தினமும் இரவு எவ்வளவு பாக்கி நின்றதோ அதற்கு அன்றைய வட்டி என்று போடுகிறது. மாதம் 3.5 என்றால் வருடத்துக்கு 42 சதவீதம். தொகையை நாட்களால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 42ஆல் பெருக்கி, 36,500ஆல் வகுத்தால் வட்டி.

அடுத்தது, எந்த நாளிலிருந்து எண்ணுவது. பலர் கெடு தேதியிலிருந்து என்று நினைக்கிறார்கள். சிலர் பில் தேதியிலிருந்து என்கிறார்கள். இரண்டும் இல்லை, கடையில் கார்டைத் தேய்த்த நாளிலிருந்து. முழுப் பில்லையும் கெடுவுக்குள் கட்டினால் அந்த நாட்களை மன்னித்துவிடுவார்கள். நீங்கள் 15,000 பாக்கி வைத்ததும் அந்த மன்னிப்பு திரும்பப் பெறப்பட்டுவிட்டது. மே 20 வரை பின்னால் போய் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஜூன் பில்லில் வட்டி எதுவும் இல்லாததற்கும், அந்த நாட்களுக்கான வட்டியும் சேர்ந்து ஜூலை பில்லில் வந்து விழுந்ததற்கும் இதுதான் காரணம்.

உங்கள் கணக்கு:

```
மோட்டார்    30,000 × 44 நாள் = 13,20,000
பள்ளி       10,000 × 25 நாள் =  2,50,000
மீதி        15,000 × 13 நாள் =  1,95,000
உரம்         6,000 × 21 நாள் =  1,26,000
பெட்ரோல்     1,000 ×  6 நாள் =      6,000
கூட்டல்                        18,97,000
18,97,000 × 42 ÷ 36,500 = 2,182.85
```

மோட்டாருக்கு மே 20 முதல் ஜூலை 2 வரை 44 நாள். ஜூலை 3 அன்று 25,000 வந்ததால் அன்றிலிருந்து பில் தேதியான 15 வரை 15,000க்கு மட்டும். உங்கள் பில்லில் 2,183 என்று இருக்கிறது, ரூபாய்க்கு ரூபாய் பொருந்துகிறது. இதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 393.

கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். உரமும் பெட்ரோலும் புதுச் செலவு, அந்தப் பில்லே அப்போது வரவில்லை. ஆனாலும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடியிருக்கிறது, சுமார் 152 ரூபாய். பழைய பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. "50 நாள் வரை வட்டியில்லை" என்று கார்டு விற்கும்போது சொல்கிறார்களே, அது முந்தைய பில்லை முழுதாகக் கட்டியவருக்கு மட்டும்.

நீடா ராஜா

சரி சார், மினிமம் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று விட மாட்டேன். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளில், கட்டிய பணத்தையும் ரீஃபண்டையும் கழித்து நிலுவையில் நிற்கும் தொகைக்கு மட்டுமே வட்டி போட வேண்டும் என்று இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். அண்ணன் 25,000 கெடுவுக்குள் கட்டிவிட்டார். அந்த 25,000க்கு எதற்கு 44 நாள் வட்டி?

ஐயாறு பழைய கணக்கர்

இது நல்ல கேள்வி தம்பி. அந்த வரி விதியில் இருப்பது உண்மை. அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் சிக்கல். கார்டு நிறுவனம் இப்படிப் படிக்கிறது: ஜூலை 2 வரை நிலுவை 40,000, அதற்கு வட்டி; ஜூலை 3 முதல் பணத்தைக் கழித்து 15,000, அதற்கு வட்டி. உங்கள் வாசிப்பு, கெடுவுக்குள் வந்த 25,000க்கு முதலிலிருந்தே வட்டி கூடாது, மிச்சம் வைத்த 15,000க்கு மட்டும் தேய்த்த நாளிலிருந்து போடலாம் என்பது.

இரண்டாவது மாதிரி போட்டுப் பார்த்தேன். 25,000 மோட்டாரில் கழிந்ததாக வைத்தால் மோட்டாரில் 5,000, பள்ளிக் கட்டணத்தில் 10,000 நிற்கிறது. மற்றதெல்லாம் அதேபோல். கூட்டல் 7,97,000, வட்டி 917 ரூபாய். அதாவது விதியை எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பில்லில் 917க்கும் 2,183க்கும் வித்தியாசம்.

இதில் யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் வாதாட வழி இருக்கிறது. பகுதியாகக் கட்டினால் என்ன ஆகும் என்று உதாரணக் கணக்கு ஒன்றைக் கார்டு நிறுவனம் தன் இணையதளத்தில் போட வேண்டும் என்பது அதே விதிதான். முக்கிய நிபந்தனைகள் என்ற பிடிஎஃப்பில் இருக்கும். அதைத் திறந்து உதாரணம் எந்த மாதிரி என்று பாருங்கள். உதாரணம் இரண்டாவது மாதிரியில் இருந்து, பில் முதல் மாதிரியில் வந்திருந்தால், அவர்கள் காகிதத்தை வைத்தே அவர்களைக் கேட்கலாம்.

மன்னை விவசாயி

பார்த்தேன் சார். 31 பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது. அவர்களுடைய உதாரணத்தில் ஒருவர் கெடுவுக்குள் கொஞ்சம் கட்டுகிறார். கட்டிய நாள் வரை முழுத் தொகைக்கும், பிறகு மீதிக்கும் வட்டி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முதல் மாதிரிதான். இருந்தாலும் ராஜா தம்பி சொன்ன வரியைக் காட்டி மின்னஞ்சல் எழுதிவிட்டேன்.

அந்த மினிமம் 3,676 எப்படி?

ஐயாறு பழைய கணக்கர்

ஜூன் பில்லில் வட்டியும் இல்லை, வரியும் இல்லை. அதனால் 40,000இல் 5 சதவீதம், 2,000. ஜூலையில் வட்டி 2,183, ஜிஎஸ்டி 393, இரண்டும் சேர்ந்து 2,576. வெறும் 5 சதவீதம் என்று போட்டால் மினிமம் 1,229தான் வரும், அதாவது கட்டும் பணம் வட்டிக்கே போதாது, கடன் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி. எனவே வட்டியும் வரியும் முழுதாக, அதன் மேல் பொருள் வாங்கிய தொகையான 22,000இல் 5 சதவீதம், 1,100. கூட்டினால் 3,676.

இதைத் திருப்பிப் படியுங்கள். நீங்கள் 3,676 மட்டும் கட்டினால் அசலில் கழிவது 1,100தான். அடுத்த மாதம் திரும்ப வட்டியும் வரியும் 900 ரூபாய் அளவில் வந்து நிற்கும்.

குடந்தை செல்வி

கணக்கர் சார், என் கேஸையும் கொஞ்சம் பாருங்கள். எனக்கும் பில் தேதி 15, கெடு 5. நான் 5ஆம் தேதி சாயங்காலம் ஒரு ஆப்பில் முழுப் பணமும் கட்டினேன். என் சேமிப்புக் கணக்கில் உடனே கழிந்துவிட்டது. கார்டில் 7ஆம் தேதிதான் ஏறியிருக்கிறது. லேட் ஃபீ போட்டிருக்கிறார்கள். பில் தேதி 15 என்றால் 15 வரை கட்டலாம் என்றுதான் முன்பெல்லாம் நினைத்திருந்தேன், இது வேறு.

ஐயாறு பழைய கணக்கர்

அம்மா, பில் தேதி அந்த மாதக் கணக்கை மூடும் நாள். 15க்குப் பிறகு தேய்ப்பது அடுத்த பில்லுக்குப் போகும். அதற்கும் கட்ட வேண்டிய நாளுக்கும் 20 நாள் இடைவெளி.

லேட் ஃபீயைத் திரும்பக் கேளுங்கள். கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் லேட் ஃபீ போடலாம், சிபிலுக்கும் அப்போதுதான் தெரிவிக்கலாம். உங்களுக்கு 2 நாள்தான். ஆனால் அந்த 3 நாள் சலுகை லேட் ஃபீக்கு. வட்டிக்கு அப்படிச் சொல்லவில்லை. அடுத்த பில்லில் பைனான்ஸ் சார்ஜ் வரிசையைப் பாருங்கள். ஆப்பில் கட்டினால் இனி 3 நாள் முன்பே கட்டிவிடுங்கள். கழிந்த நேரம் தெரியும் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

திருவாரூர் பாலா

நான் மச்சான் கல்யாணத்துக்குக் கார்டில் ஏடிஎம்மில் 20,000 எடுத்தேன். அடுத்த பில்லை முழுதாகத்தான் கட்டினேன். அதற்கும் வட்டி போட்டார்கள். இதெல்லாம் கொள்ளை.

ஐயாறு பழைய கணக்கர்

பணமாக எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி பாலா, அதற்கு வட்டியில்லாக் காலமே கிடையாது. முழுதாகக் கட்டினாலும் இல்லை. எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் இருந்திருக்கும்.

மன்னை விவசாயி

சார், கடைசியாக ஒன்று. மோட்டார் கடைக்காரரிடமிருந்து பழைய மோட்டாருக்குக் கொஞ்சம், மாமனாரிடமிருந்து கொஞ்சம் எனப் புரட்டிவிட்டேன். கெடு ஆகஸ்ட் 4. அன்றைக்கு 24,576 முழுதாகக் கட்டினால் வட்டி நின்றுவிடும்தானே?

ஐயாறு பழைய கணக்கர்

நிற்கும், ஆனால் ஆகஸ்ட் பில்லில் ஒரு வால் வரும். அதைப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள்.

24,576இல் இருப்பது ஜூலை 15 வரைக்குமான வட்டி. 16ஆம் தேதியிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரை 22,000க்கு ஒரு நாளைக்கு 25 ரூபாய் வீதம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் 4 அன்று கட்டினால் 19 நாள், 481 ரூபாய், ஜிஎஸ்டி 87. கெடுவுக்குள் கட்டியும் வட்டியா என்று கேட்காதீர்கள், உங்களுக்கு இப்போது கெடு தேதி என்பது லேட் ஃபீக்கு மட்டும்தான். இன்று 17. கையில் பணம் இருந்தால் நாளையே கட்டிவிடுங்கள், 2 நாள் வட்டி 51 ரூபாயோடு போய்விடும். சேமிப்புக் கணக்கில் இரண்டு வாரம் வைத்திருந்து உங்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது?

அப்புறம், பணம் ஏறும்வரை அந்தக் கார்டைத் தொடாதீர்கள். பெட்ரோலுக்குக்கூட. யுபிஐயில் கொடுங்கள். சில கார்டுகளில் தொடர்ந்து இரண்டு பில் முழுதாகக் கட்டிய பிறகே பழைய சலுகை திரும்புகிறது. உங்களுடையதில் எப்படி என்று அதே பிடிஎஃப்பில் பாருங்கள்.

நீடா ராஜா

ஜூலை 3க்கு முன்பே மோட்டார் 30,000ஐ மட்டும் இஎம்ஐயாக மாற்றியிருந்தால்? என் கார்டில் வருடத்துக்கு 16 சதவீதம்தான்.

ஐயாறு பழைய கணக்கர்

42ஐவிட 16 தேவலை, சந்தேகமே இல்லை. ஆனால் மாற்றுவதற்கு ஒரு கட்டணம், வட்டிக்கு ஜிஎஸ்டி, முன்கூட்டி அடைத்தால் அதற்கும் கட்டணம். ஒரே மாதத்தில் அடைக்கப் போகிறவருக்கு லாபம் கொஞ்சம்தான். ஆறு மாதம் ஆகும் என்றால் கண் மூடிக்கொண்டு மாற்றலாம். பில்லை முழுதாகக் கட்ட முடியாது என்று தெரிந்த உடனே, கெடுவுக்கு முன்பே செய்ய வேண்டும்.

பாபநாசம் பெரியவர்

நகைக்கடன் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை? ஒரு சங்கிலியை வைத்தால் முடிந்தது.

குடந்தை செல்வி

ஐயா, சங்கிலி ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. 😀 லேட் ஃபீயைத் திருப்பிவிட்டார்கள், அதன் மேல் போட்ட ஜிஎஸ்டியும் சேர்த்து. வட்டி வந்திருக்கிறது, 610 ரூபாய். அதைப் பற்றிக் கேட்டால் பதிலே இல்லை.

மன்னை விவசாயி

ஆகஸ்ட் பில் வந்தது. ஜூலை 18ஆம் தேதியே கட்டியிருந்தேன். பைனான்ஸ் சார்ஜ் 50.63, ஜிஎஸ்டி 9.11. வேறு எதுவும் இல்லை.

மின்னஞ்சலுக்கு "நிபந்தனைகளின்படி வட்டி சரியாகவே கணக்கிடப்பட்டுள்ளது" என்று ஒரு வரி பதில் அனுப்பியிருக்கிறார்கள். நான் காட்டிய விதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னும் மேலே போகலாமா, 1,266 ரூபாய்க்காக?

ஐயாறு பழைய கணக்கர்

போகலாம். எழுத்தில் மறுத்துவிட்டார்கள் அல்லது 30 நாளாகப் பதில் இல்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ஒம்புட்ஸ்மனிடம் புகார் போடலாம், கட்டணம் இல்லை. இரண்டு பில், உங்கள் மின்னஞ்சல், அவர்கள் பதில், இரண்டு மாதிரிக் கணக்கும் ஒரே தாளில். வெல்வீர்கள் என்று சொல்ல மாட்டேன், அவர்களுடைய உதாரணம் அவர்கள் பக்கம் நிற்கிறது. ஆனால் விதியின் அந்த வரிக்கு அவர்கள் ஒரு விளக்கமாவது எழுத வேண்டி வரும்.

நீடா ராஜா

போடுங்கள் அண்ணே. பதில் வந்தால் இங்கேயே போடுங்கள். நானும் என் பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன், இரண்டு மாதம் மினிமம் மட்டும் கட்டியிருக்கிறேன், பைனான்ஸ் சார்ஜ் வரிசையை இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.